இன்ஜங்ஷனா, ஸ்டேயா? ‘இடைக்காலத் தடை’ என்ற செய்தியைப் பிரித்துப் படிப்பது எப்படி

2016 ஜனவரி 12-ஆம் தேதி, பொங்கலுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் அன்றைக்கு நீதிமன்றம் எந்த ஊர்க்காரரையும் பார்த்து “வாடிவாசலைத் திறக்காதே” என்று சொல்லவில்லை. ஐந்து நாள் முன்னால், ஜனவரி 7 அன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜல்லிக்கட்டை நிபந்தனைகளோடு அனுமதித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டிருந்தது. நீதிமன்றம் கை வைத்தது அந்த அறிவிக்கையின் மேல் மட்டும்தான். அனுமதித்த காகிதம் செயல்படாமல் போனதும், அதற்கு முன்பிருந்த நிலை தானாகத் திரும்பி வந்தது. அந்த முன்நிலை, 2014 மே 7-ஆம் தேதித் தீர்ப்பு போட்ட தடை.

அனுமதிக்குக் கிடைத்த ஸ்டே, தடையாக முடிந்தது. இதையே திருப்பிப் போட்டால், தடை போட்ட உத்தரவுக்கு ஸ்டே கிடைத்தால் அது அனுமதியாக முடியும். ஆகவே செய்தியில் ‘தடை’ என்று பார்த்தவுடன் ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்று முடிவுகட்டினால் பாதி நேரம் தவறாகிவிடும். எது நின்றது, ஒரு மனிதரின் கையா, ஓர் உத்தரவின் ஓட்டமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாளிதழ்கள் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிடுகின்றன. கோர்ட் வளாகத்தில் ஒன்றை இன்ஜங்ஷன் என்பார்கள். சட்டத் தமிழில் உறுத்துக்கட்டளை. மற்றொன்று ஸ்டே, நிறுத்திவைப்பு என்று எழுதலாம். இன்ஜங்ஷன் ஓர் ஆளை நோக்கிப் பேசுகிறது: இதைச் செய்யாதே, அல்லது அரிதாக, இதைச் செய். ஸ்டே என்பது ஏற்கெனவே பிறந்துவிட்ட ஓர் உத்தரவையோ, தீர்ப்பையோ, அதை நிறைவேற்றப் போகும் நீதிமன்றத்தையோ அதிகாரியையோ நோக்கிப் பேசுகிறது: இப்போதைக்கு நில். முன்னதற்கு ஓர் எதிராளி போதும். பின்னதற்கு நிறுத்துவதற்கென்று ஏதாவது ஓர் உத்தரவு முதலில் இருந்தாக வேண்டும்.

ஒரே சுவரை வைத்து இரண்டையும் பார்த்துவிடலாம். கற்பனை வழக்குதான், ஆனால் எந்த முன்சீப் கோர்ட்டிலும் இதுபோல் பத்து வழக்கு கிடக்கும்.

மேல வீட்டுக்காரரும் கீழ வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்து மனை. கீழ வீட்டுக்காரர் வானம் தோண்டுகிறார். அது தன் மனைக்குள் இரண்டடி வந்துவிட்டது என்கிறார் மேல வீட்டுக்காரர். இந்தக் கட்டத்தில் எந்த உத்தரவும் கிடையாது, ஓர் ஆள் செய்கிற காரியம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே இங்கே ஸ்டே என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரில் “கோர்ட்ல ஸ்டே வாங்கிட்டார்” என்றுதான் சொல்வார்கள். அவர் வாங்குவது இன்ஜங்ஷன். அதற்கு முதலில் ஒரு வழக்கு போட வேண்டும்: கீழ வீட்டுக்காரர் என் இடத்தில் கட்டக்கூடாது என்று நிரந்தரமாகத் தடுக்கச் சொல்லி. அந்த வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் சுவர் எழும்பிவிடும். அதனால் வழக்கோடு சேர்த்தே ஓர் இடைக்கால மனுவும் போடுவார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளை இதற்கான இடம்.

நீதிபதி அப்போது மூன்று விஷயம் பார்ப்பார். மேல வீட்டுக்காரர் பக்கம் மேலோட்டப் பார்வைக்காவது ஒரு வழக்கு இருக்கிறதா? தடுத்தால் கீழ வீட்டுக்காரருக்கு ஏற்படும் கஷ்டம் பெரிதா, தடுக்காவிட்டால் மேல வீட்டுக்காரருக்கு ஏற்படும் கஷ்டம் பெரிதா? பிறகு பணத்தால் சரிசெய்ய முடியாத இழப்பு ஏதாவது வருமா? இந்த மூன்றும் தேறினால்தான் இடைக்காலத் தடை. இதில் கவனிக்க வேண்டியது, மனை யாருடையது என்று நீதிபதி இன்னும் சொல்லவே இல்லை. பத்திரத்தையும் பட்டாவையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ‘இடைக்காலத் தடை பெற்றார்’ என்ற செய்தியை ‘ஜெயித்துவிட்டார்’ என்று படிப்பது நம் ஊரில் மிகப் பரவலான பிழை. ஜெயித்ததாகச் சொல்லி பேனர் வைத்தவர்கள் பிறகு அதே வழக்கில் தோற்றதும் உண்டு.

பொதுவாக எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி அவர் சொல்வதைக் கேட்ட பிறகே இன்ஜங்ஷன் தர வேண்டும் என்கிறது சட்டம். நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் காரியமே கெட்டுவிடும் என்றால் மட்டும், காரணத்தை எழுத்தில் பதிவுசெய்துவிட்டு, ஒரு தரப்பை மட்டும் கேட்டு உத்தரவு போடலாம். அப்படிப் போட்டால், 30 நாளுக்குள் அந்த மனுவை இரு தரப்பையும் கேட்டு முடிக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும். நடைமுறையில் அந்த 30 நாள் பல வாய்தாக்களாக நீளும். 2000-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது: கெடு தாண்டியும் முடிக்காமல் இழுத்தால், பாதிக்கப்பட்டவர் காத்திருக்கத் தேவையில்லை, நேரே மேல்முறையீட்டுக்குப் போகலாம்.

இன்ஜங்ஷன் வந்த பிறகும் கீழ வீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரைக் கட்டினால்? உத்தரவு அவருடைய பெயருக்கு வந்தது என்பதால் தண்டனையும் அவருக்குத்தான். அவருடைய சொத்தை ஜப்தி செய்யலாம். மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கலாம். ஆனால் உத்தரவு அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். அதனால்தான் வக்கீல்கள் உத்தரவு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வைக்கிறார்கள்.

இப்போது சில ஆண்டுகளைத் தாண்டுவோம். மேல வீட்டுக்காரர் வழக்கில் வென்றுவிட்டார். கீழ வீட்டுக்காரர் இரண்டடிக்குள் நுழையக்கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை. கட்டிய சுவரை இரண்டு மாதத்தில் இடித்துக்கொள்ள வேண்டும் என்று செயலுறுத்துக்கட்டளை. ஆக இன்ஜங்ஷன் என்பது ‘செய்யாதே’ மட்டுமல்ல, ‘செய்’ என்றும் வரும். கீழ வீட்டுக்காரர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்கிறார். இங்கேதான் ஸ்டே மேடைக்கு வருகிறது.

மேல்முறையீடு போட்டதாலேயே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடாது. இது 41-ஆம் கட்டளையில் அப்பட்டமாகவே எழுதியிருக்கிறது. ‘தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, சரி, விவகாரம் மறுபடி தொங்கலில் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. தனியாக ஸ்டே கேட்டு வாங்கும்வரை தீர்ப்பு உயிரோடுதான் இருக்கிறது; நிறைவேற்று மனு போட்டு, தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனாவை அனுப்பலாம். ஸ்டே கேட்பவரும் மூன்று காரியம் காட்ட வேண்டும்: நிறுத்தாவிட்டால் பெருத்த நஷ்டம், தாமதிக்காமல் வந்திருக்கிறேன், நாளைக்குத் தோற்றால் தீர்ப்பை நிறைவேற்றுவேன் என்பதற்கு ஈடு. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பு என்றால் இத்தனை பணத்தை முதலில் கோர்ட்டில் செலுத்து என்பார்கள். ‘பாதித் தொகையைக் கட்டினால் தடை’ என்ற செய்தியின் பின்னணி இதுதான். கட்டவில்லை என்றால் ஸ்டேயும் இல்லை. செய்தியின் முதல் வரி தடை என்று சொல்லும். நிபந்தனை நான்காம் பத்தியில் இருக்கும்.

ஒரு நாள் காலை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டே தருகிறது. அது கீழ்க்கோர்ட்டுக்குத் தெரிவதற்குள் பிற்பகலில் அமீனா ஜேசிபியோடு வந்து சுவரை இடித்துவிட்டார். இடித்தது செல்லுமா? 1967-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்குக் கொடுத்த விடையில்தான் இரண்டு உத்தரவுக்குமான வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. ஸ்டே நீதிமன்றத்தை நோக்கிய உத்தரவு. அந்த நீதிமன்றத்துக்குத் தெரிய வரும்வரை அதன் அதிகாரம் போய்விடாது. தெரியாமல் நடந்தது தானாகச் செல்லாமல் போகாது. வேண்டுமானால் நீதிக்காக அதைப் பிறகு ரத்துசெய்துகொள்ளலாம். தெரிந்த பிறகும் மேலே நடத்தினால் அந்த நடவடிக்கை அத்தனையும் வெற்றுக்காகிதம். இன்ஜங்ஷன் அப்படியில்லை. அது தரப்பினரைக் கட்டுகிறது, நீதிமன்றத்தைக் கட்டுவதில்லை. மீறினால் மீறியவருக்குத் தண்டனை, ஆனால் அந்த இன்ஜங்ஷனுக்கு மாறாக ஒரு நீதிமன்றம் நடத்திய நடவடிக்கை அதனாலேயே செல்லாததாகிவிடாது. ஸ்டே கிடைத்த அன்று வக்கீல் குமாஸ்தா மூச்சு வாங்க ஓடுவது ஏன் என்று இப்போது புரியும். அதிகாரபூர்வ நகல் வந்துசேரும்வரை, ஸ்டே கிடைத்திருக்கிறது என்று தன் சொந்த அறிவிலிருந்து மேல்முறையீட்டாளர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தை வைத்தும் கீழ்க்கோர்ட் நின்றுகொள்ள வேண்டும் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது.

நடுவில் இன்னொரு தினுசுச் செய்தியும் வரும்: இன்ஜங்ஷனை எதிர்த்துப் போனவருக்கு மேல் நீதிமன்றம் ஸ்டே தந்தது என்று. ‘தடைக்குத் தடை’ என்று தலைப்பு போட்டால் படிப்பவருக்குத் தலை சுற்றும். பிரித்துப் பார்த்தால் எளிது. முதல் தடை கீழ வீட்டுக்காரரின் கையைப் பிடித்தது. இரண்டாவது தடை, அந்தப் பிடியைத் தளர்த்தியது. விளைவு, அவர் இப்போதைக்குக் கட்டலாம். தோற்றால் பிறகு தன் செலவில் இடிக்க வேண்டியிருக்கும் என்ற அபாயத்தோடு.

சுவரை விட்டு அரசியலுக்கு வந்தால், ஸ்டே என்பது உத்தரவை அழிக்கிறதா, உறங்க வைக்கிறதா என்ற கேள்விதான் எல்லாச் சண்டைக்கும் வேர். சென்னையிலுள்ள தென்னிந்தியத் திருச்சபை அறக்கட்டளை ஒரு தரப்பாக இருந்த வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஓர் உத்தரவை ரத்துசெய்தால் அது பிறக்கவே இல்லை என்பதுபோல் பழைய நிலை திரும்பும், நிறுத்திவைத்தால், ஸ்டே கொடுத்த தேதியிலிருந்து அது செயல்படாது, ஆனால் இருப்பிலிருந்து மறைந்துவிடாது.

இந்த நுட்பத்தை வைத்துத்தான் 2024 மார்ச்சில் தமிழ்நாட்டில் ஒரு பெரிய மோதலே நடந்தது. சொத்துக் குவிப்பு வழக்கில் பொன்முடியை விழுப்புரம் நீதிமன்றம் 2016-இல் விடுவித்திருந்தது. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் புரட்டி, குற்றவாளி என்று தீர்மானித்து 3 ஆண்டு சிறை விதித்தது. அமைச்சர் பதவியும் சட்டமன்ற உறுப்பினர் பதவியும் போயின. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பையும் தண்டனையையும் நிறுத்திவைத்தது. மீண்டும் அமைச்சராக்க முதலமைச்சர் பரிந்துரைத்தார். தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதே தவிர அகன்றுவிடவில்லை என்று சொல்லி ஆளுநர் ஆர்.என். ரவி மறுத்தார்.

ஆளுநர் பிடித்த நூல் இல்லாத நூல் அல்ல. ஸ்டே அழிப்பதில்லை என்பது சரிதான். ஆனால் அவர் விட்டது, உறங்குகிற உத்தரவு உறக்கத்தில் யாரையும் கடிக்க முடியாது என்பதை. குற்றத் தீர்ப்புக்கே ஸ்டே கிடைத்துவிட்டால், அதிலிருந்து கிளைக்கும் தகுதியிழப்பும் அந்தக் காலத்தில் செயல்படாது என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மார்ச் 21 அன்று நீதிமன்றம் ஆளுநரின் நிலைப்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தது. மறுநாள் பொன்முடி பதவியேற்றார். என் பார்வையில் இந்த ஒரு விவகாரத்தைப் புரிந்துகொண்டவருக்கு ஸ்டே பற்றி வேறு பாடமே வேண்டாம்.

இதற்கு ஓராண்டு முன்னால் ராகுல் காந்தி வழக்கில் இன்னொரு நுணுக்கம் வெளிப்பட்டது. 2023 மார்ச் 23-இல் சூரத் நீதிமன்றம் 2 ஆண்டு சிறை விதித்தது, மறுநாளே எம்.பி. பதவி பறிபோனது. ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. அப்படியானால் பதவி ஏன் திரும்பவில்லை? நின்றது சிறைவாசம் மட்டும். குற்றவாளி என்ற தீர்மானத்துக்கு ஸ்டே தர அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. குஜராத் உயர் நீதிமன்றமும் மறுத்தது. ஆகஸ்ட் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தையே நிறுத்திவைத்த பிறகுதான், ஆகஸ்ட் 7-இல் பதவி மீண்டது. தண்டனை நிறுத்தம், குற்றத் தீர்ப்பு நிறுத்தம் இரண்டையும் செய்தியில் ஒன்றாகப் படித்தால் இந்த நான்கு மாதக் கதையே விளங்காது.

ஸ்டே முழுசாகவும் இருக்க வேண்டியதில்லை. 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியைச் செல்லாது என்றது. ஜூன் 24-இல் விடுமுறைக் கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தந்த ஸ்டேயில், பிரதமராக இருக்கலாம், அவைக்கு வரலாம், ஆனால் உறுப்பினராக வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ கூடாது. நாற்காலி இருந்தது, வாக்கு இல்லை.

சரி, நாளை நம் வீட்டு வாசலுக்கே விவகாரம் வந்தால் எதைக் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரரோ, பங்காளியோ, வாடகைக்கு இருப்பவரோ ஏதோ செய்யப் போகிறார் என்றால், கையில் எந்த உத்தரவும் இல்லை, ஆகவே உரிமையியல் வழக்கும் இன்ஜங்ஷனும்தான். ஏற்கெனவே ஒரு கோர்ட் நமக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டது என்றால் மேல்முறையீடும் ஸ்டேயும். இந்த இரண்டிலும் குழப்பமில்லை.

குழப்பம் எதிர்த்தரப்பு அரசாக இருக்கும்போது. மாநகராட்சி இடிப்பு உத்தரவு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று வையுங்கள். உரிமையியல் வழக்கு போட்டு அதிகாரிக்கு எதிராக இன்ஜங்ஷன் கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் அரசு மீதோ, அரசு அதிகாரி மீதோ அவர் பதவி முறையில் செய்தது பற்றி வழக்கு போட, பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். அவசரம் என்று கோர்ட்டின் அனுமதியோடு அதைத் தாண்டினாலும், அந்தத் தரப்புக்கு வாய்ப்பளிக்காமல் இடைக்கால உத்தரவு தர முடியாது. போதாததற்கு, வேறு தக்க சட்ட வழி இருக்கும் இடத்தில் இன்ஜங்ஷனை மறுக்கவும், பல சிறப்புச் சட்டங்களில் உரிமையியல் நீதிமன்றத்தையே விலக்கவும் இடமிருக்கிறது. அதனால் உத்தரவு எழுத்தில் இருக்கும்போது, அந்தச் சட்டத்திலேயே மேல்முறையீடு இருந்தால் அங்கே போய் ஸ்டே கேட்பதும், இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அந்த உத்தரவுக்கு ஸ்டே கேட்பதும்தான் பெரும்பாலும் நேர்வழி. எந்த உத்தரவும் இல்லாமல் வாய்மொழியாக மிரட்டுகிறார்கள் என்றால் ஸ்டே கேட்டுப் பயனில்லை. நிறுத்துவதற்குக் காகிதம் இல்லை. அப்போது, சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதிகாரியைத் தடுக்கக் கேட்க வேண்டும்.

இரண்டிலும் சேராமல் ‘தற்போதைய நிலை தொடர வேண்டும்’ என்று ஒரு உத்தரவு வரும். நீதிபதிக்கு எந்தப் பக்கமும் சாய மனமில்லாதபோது வருவது. இரண்டு தரப்பையும் கட்டும் என்பதால் நியாயமாகத் தெரிந்தாலும், தற்போதைய நிலை எது என்பதிலேயே சண்டை வரும் உத்தரவு இது. இடம் யார் கையில் இருக்கிறது என்று உத்தரவில் எழுதவில்லையென்றால், இருவரும் அதே நகலைக் காட்டிப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பார்கள். எனக்கு இது பிடிக்காத உத்தரவு வகை.

எதிராளி இன்ஜங்ஷனுக்கோ ஸ்டேக்கோ ஓடப் போகிறார் என்று முன்கூட்டித் தெரிந்தால், கேவியட் மனு போட்டு வைக்கலாம். நம்மைக் கேட்காமல் உத்தரவு போடாமல் இருக்க அது உதவும். ஆயுள் 90 நாள்; பிறகு புதிதாகப் போட வேண்டும். ரிட் மனுவில் நம்மைக் கேட்காமலும், மனு நகல்களைத் தராமலும் வந்துவிட்ட ஸ்டேயை விலக்கக் கேட்டு மனு போட்டால், இரண்டு வாரத்தில் உயர் நீதிமன்றம் அதை முடிவுசெய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவு சொல்கிறது.

காலாவதி பற்றி ஒன்று. 2018-இல் உச்ச நீதிமன்றம், விசாரணைகளை முடக்கும் ஸ்டேக்கள் ஆறு மாதத்தில், நீட்டிக்கப்படாவிட்டால், தானாகவே விலகும் என்றது. பலர் இன்றும் அந்த ஆறு மாதக் கணக்கையே சொல்கிறார்கள். 2024 பிப்ரவரி 29-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது; வெறும் காலம் கடந்ததாலேயே ஸ்டே விலகாது. ஆகவே பழைய ஸ்டே ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, மாதத்தை எண்ணாமல் கடைசி உத்தரவின் வாசகத்தைப் பார்க்க வேண்டும். ‘அடுத்த விசாரணைத் தேதி வரை’ என்றிருந்தால், அந்தத் தேதியில் நீட்டித்தார்களா என்று பாருங்கள். ‘மறு உத்தரவு வரும் வரை’ என்றிருந்தால், அது வேறொரு உத்தரவு வரும்வரை நிற்கும். செய்தியில் பெரும்பாலும் இந்த வரி இருக்காது. ஆனால் உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் உத்தரவையே படித்துவிடலாம், ஒரு பக்கம்தான் இருக்கும்.